உச்சியிலிருந்து சறுக்கும் துகள் அரைக்கோளத்தை எங்கே விடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எவரும் தப்பிக்க முடியாத கணக்கு இது. ஆண்டுதோறும் மாணவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

வழவழப்பான பரப்பில் சறுக்கும் துகள் தரை வரை ஒட்டிக்கொண்டே வராதா? நடுவில் எதற்காக விலக வேண்டும்?

வராது. தரையில் கவிழ்த்து, அசையாமல் பொருத்திய அரைக்கோளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆரம் R, உராய்வு இல்லை. உச்சியில் m நிறையுள்ள துகள். மிக மெல்லத் தட்டிவிடுகிறோம்.

விளிம்பருகே நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும். அங்கே பரப்பு ஏறக்குறைய செங்குத்துச் சுவர். துகள் நல்ல வேகத்தில் இருக்கிறது. அது வட்டப் பாதையிலேயே தொடர வேண்டுமானால், மையத்தை நோக்கி, அதாவது கிடைமட்டமாக உள்நோக்கி, அதை ஏதாவது இழுக்க வேண்டும். புவியீர்ப்பு கீழ்நோக்கியே இழுக்கிறது. பரப்போ வெளிப்பக்கம் தள்ளுமே தவிர, தன்பால் இழுக்காது. உள்ளே இழுக்க ஆளில்லாதபோது துகள் வட்டத்தில் எப்படி நிற்கும்? ஆகவே விளிம்புக்கு முன்பே எங்கோ அது விலகியாக வேண்டும். எங்கே என்பதுதான் கணக்கு.

விடையும் வழியும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

உச்சிக்குச் செல்லும் செங்குத்துக் கோட்டிலிருந்து கோணம் θ-வை அளக்கிறோம். துகள் θ கோணத்தில் இருக்கும்போது R(1 − cosθ) உயரம் இறங்கியிருக்கும். ஆற்றல் மாறா விதிப்படி:

½mv² = mgR(1 − cosθ), எனவே v² = 2gR(1 − cosθ)

மையத்தை நோக்கிய திசையில் புவியீர்ப்பின் கூறு mg cosθ. பரப்பின் செங்குத்து விசை N அதற்கு எதிராக வெளிநோக்கித் தள்ளுகிறது. மிஞ்சுவதுதான் மையநோக்கு விசை:

mg cosθ − N = mv²/R

v²-ஐ இதில் இட்டால் N = mg(3cosθ − 2) என்று வருகிறது. N சுழியாகும் இடத்தில் cosθ = 2/3, θ ≈ 48.2°. அப்போது துகள் தரையிலிருந்து 2R/3 உயரத்தில் இருக்கிறது. இறங்கியது R/3 மட்டுமே. வேகம் √(2gR/3).

சாய்தளத்தில் N = mg cosθ என்று படித்தோமே. இங்கே மட்டும் mv²/R ஏன் குறுக்கே வருகிறது?

N-க்கு என்று நிரந்தரமான வாய்பாடு எதுவும் கிடையாது. துகள் பரப்புக்குள் புகுந்துவிடாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் பரப்பு தள்ளும். சாய்தளத்தில் துகள் நேர்கோட்டில் போகிறது. பரப்புக்குச் செங்குத்தான திசையில் அதற்கு முடுக்கமே இல்லை. அதனால் mg cosθ முழுவதையும் N சமன்செய்ய வேண்டியிருக்கிறது. அரைக்கோளத்தில் துகளின் பாதை வளைகிறது. வளைவதற்கே mg cosθ-வின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. மீதியை மட்டும் பரப்பு தாங்கினால் போதும்.

30° சாய்தளத்தில் N = 0.87 mg. அரைக்கோளத்தில் அதே 30°-யில் N = 0.60 mg. 45° வரும்போது 0.12 mg-தான் மிச்சம். 48.2°-யில் mg cosθ 0.667 mg ஆகக் குறைந்திருக்கிறது, வளைவதற்குத் தேவையான mv²/R 0.667 mg ஆக உயர்ந்திருக்கிறது. வரவும் செலவும் சமம், பரப்புக்கு வேலையில்லை.

குறியில்தான் எப்போதும் தடுமாறுகிறேன். N − mg cosθ = mv²/R என்று எழுதினால் என்ன தவறு?

அது பள்ளத்தின் சமன்பாடு. கிண்ணத்தின் உட்புறத்தில் சறுக்கும்போது மையம் மேலே இருக்கிறது. N மையத்தை நோக்கித் தள்ளுகிறது. இங்கே மையம் துகளுக்குக் கீழே இருக்கிறது. N மையத்தை விட்டு வெளியே தள்ளுகிறது. சமன்பாட்டை எழுதுமுன் படத்தில் மையத்தைக் குறித்து, அதை நோக்கிய திசையை நேர்க்குறி என்று முடிவு செய்துகொண்டால் இந்தத் தவறு நேராது.

தவறான குறியோடு போனால் N = mg(2 − cosθ) என்று வரும். இது எந்தக் கோணத்திலும் சுழியாகாது. துகள் கீழே வர வர N கூடிக்கொண்டே போகும். பலர் θ = 0 போட்டுச் சரிபார்த்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். அங்கே v = 0 என்பதால் இரண்டு சமன்பாடுகளும் N = mg என்றே சொல்லும், தவறு வெளியே தெரியாது. சரிபார்ப்பதானால் θ = 90° போடுங்கள். சரியான வாய்பாடு −2mg என்று எதிர்க்குறி காட்டும். முதல் கேள்வியில் சொன்னபடி, பரப்பால் செய்ய முடியாததை அது கேட்கிறது.

எனக்கு 48.2° வந்தது, நண்பனுக்கு 41.8° வந்தது. யார் சரி?

இருவருமே. அவர் கோணத்தைத் தரைமட்டத்திலிருந்து அளந்திருப்பார்; அவருக்கு sinθ = 2/3. இரண்டையும் கூட்டினால் 90°. தேர்வில் கோணம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்ற வரியைப் படிக்காமல் விடை குறிப்பவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். உயரத்தைக் கேட்டால் இந்தக் குழப்பமே இல்லை: எப்படி அளந்தாலும் 2R/3.

N = 0 என்றால் விலகிவிடும் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? சுழியாகிவிட்டு மறுபடி கூடலாம் அல்லவா?

3cosθ − 2 என்ற கோவையைப் பாருங்கள். θ கூடக் கூட cosθ குறைந்துகொண்டே போகிறது. எனவே 48.2°-ஐத் தாண்டினால் N எதிர்க்குறிக்குப் போகும், திரும்பி வராது. எதிர்க்குறி N என்றால் பரப்பு துகளை உள்நோக்கி இழுக்க வேண்டும். பசை தடவாத பரப்பு அதைச் செய்யாது.

இழுக்கக்கூடிய அமைப்பு ஒன்று இருந்தால் கதையே வேறு. அரைக்கோளத்துக்குப் பதில், செங்குத்தாக நிறுத்திய R ஆரமுள்ள கம்பி வளையம். அதில் கோத்த வழவழப்பான மணி. இதற்கும் ஆற்றல் சமன்பாடு அதேதான், N = mg(3cosθ − 2) என்ற வாய்பாடும் அதேதான். ஆனால் மணியால் கம்பியை விட்டு வெளியேற முடியாது. 48.2° வரை மணியின் துளை கம்பியின் வெளிப்பக்கத்தில் அழுந்துகிறது. அந்தக் கோணத்தில் ஒரு கணம் எங்கும் அழுந்துவதில்லை. அதன்பின் கம்பியின் உட்பக்கத்தில் அழுந்துகிறது. கம்பி மணியை மையத்தை நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. 90°-யில் அந்த விசை 2mg, அடிப்புள்ளியில் 5mg. ஆக, 48.2° என்ற இடம் இரண்டு அமைப்புக்கும் உண்டு. அங்கே விலகல் நடக்குமா நடக்காதா என்பது பரப்பு ஒருபக்கமாகத் தாங்குகிறதா, இருபக்கமும் பிடித்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கேள்வித்தாளில் ‘மணி’, ‘கம்பி’, ‘குழாய்க்குள்’ என்ற சொற்கள் வந்தால் விலகும் கோணத்தைத் தேடக் கூடாது.

விலகிய பிறகு சற்றுக் கீழே மறுபடி அரைக்கோளத்தின் மீது மோதாது என்பதற்கு என்ன நிச்சயம்?

நல்ல கேள்வி, பெரும்பாலான விடைக்குறிப்புகள் இதைத் தொடுவதே இல்லை. விலகிய கணத்திலிருந்து நேரம் t-ஐ எண்ணுவோம். அதன்பின் துகள் ஒரு எறிபொருள். மையத்தைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டால்:

x = R sinθ + v cosθ · t
y = R cosθ − v sinθ · t − ½gt²

மையத்திலிருந்து தொலைவு r என்றால் r² = x² + y². விரித்து எழுதினால் t உள்ள உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஏனென்றால் துகள் தொடுகோட்டுத் திசையில் கிளம்புகிறது. t² உள்ள உறுப்பு (v² − gR cosθ)t². விலகும் நிபந்தனையே v² = gR cosθ என்பதால் அதுவும் சுழி. மிஞ்சுவது:

r² = R² + g v sinθ · t³ + ¼g²t⁴

வலப்பக்கத்தில் கூடும் இரண்டு உறுப்புகளும் நேர்க்குறி. எனவே r எப்போதும் R-ஐவிடப் பெரியது. துகள் திரும்பத் தொடவே தொடாது. இன்னொன்றையும் இது காட்டிக்கொடுக்கிறது. இடைவெளி t³-இல் தொடங்குகிறது. அதாவது விலகல் துள்ளலாக நடப்பதில்லை. தொட்டும் தொடாமலும் பிரிகிறது. இது சோதனை செய்பவரை எப்படி ஏமாற்றும் என்பதைக் கீழே பார்ப்போம்.

விடையில் நிறையும் இல்லை, ஆரமும் இல்லை, g கூட இல்லை. ஏதோ விட்டுப்போனது போல இருக்கிறதே?

எதுவும் விட்டுப்போகவில்லை. கோணம் என்பது அலகில்லாத எண். கையில் இருப்பவை m, R, g. கிலோகிராம், மீட்டர், மீட்டர்/நொடி² ஆகிய மூன்றையும் எப்படிப் பெருக்கி வகுத்தாலும் அலகுகள் முழுவதும் ஒழிந்த எண் கிடைக்காது. ஆகவே விடை இவற்றைச் சார்ந்திருக்க வழியே இல்லை. நிலவிலும் 48.2°-தான். அங்கே g 1.62 மீ/நொடி² என்பதால் எல்லாம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாக நடக்கும், அவ்வளவே.

உச்சியில் வைத்தால் அது நகரவே நகராதே. ‘மெல்லத் தட்டி’ என்பது ஏமாற்று வேலை இல்லையா?

மிகச் சரியாக உச்சியில், சுழி வேகத்தில் வைத்தால் துகள் அங்கேயே இருக்கும் என்பது உண்மைதான். அது நிலையற்ற சமநிலை. அதனால்தான் தட்ட வேண்டியிருக்கிறது. தட்டலால் வரும் வேகம் v₀ என்றால் ஆற்றல் சமன்பாட்டில் ½mv₀² கூடுகிறது, விடை இப்படி மாறுகிறது:

cosθ = 2/3 + v₀²/(3gR)

R = 1.5 மீட்டர், v₀ = நொடிக்கு 1 சென்டிமீட்டர் என்று போட்டுப் பாருங்கள். கூடும் உறுப்பு பத்து இலட்சத்தில் இரண்டே பங்கு. கோணத்தில் அது தெரியவே தெரியாது.

தட்டலின் அளவு காட்டும் இடம் வேறு: நேரம். உச்சிக்கு அருகே θ அடுக்குக்குறிப் பெருக்கமாக வளர்கிறது. அதனால் தட்டலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், விலகும் நேரம் 2.3√(R/g) தள்ளிப்போகும். நம் 1.5 மீட்டர் அரைக்கோளத்துக்கு இது 0.9 நொடி. மேலும் பத்தில் ஒன்றாக்கினால் இன்னொரு 0.9 நொடி. ‘விலக எவ்வளவு நேரம் ஆகும்?’ என்ற கேள்விக்குத் தட்டலைச் சொல்லாமல் விடை கிடையாது. ‘எங்கே விலகும்?’ என்பதற்கு உண்டு.

மெல்லத் தட்டாமல் வேகமாகத் தள்ளிவிட்டால்?

மேலே உள்ள வாய்பாடே போதும். v₀ கூடக் கூட cosθ ஒன்றை நெருங்கும், விலகும் இடம் உச்சிக்கு நகரும். v₀ = √(gR) ஆனதும் cosθ = 1. அதற்கு மேல் எந்த வேகமானாலும் துகள் பரப்பில் சறுக்குவதே இல்லை. உச்சியிலிருந்து நேரே எறிபொருளாகப் போகிறது. R = 1.5 மீட்டருக்கு இந்த வேகம் நொடிக்கு 3.8 மீட்டர்.

மேடான பாலத்தில் வேகமாகப் போகும் பஸ்ஸில் இருக்கையிலிருந்து எழும்புவது போல இருப்பது இந்தச் சமன்பாட்டினால்தான். வளைவு ஆரம் 40 மீட்டர் என்றால் √(gR) மணிக்கு ஏறக்குறைய 71 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உச்சியில் N சுழி.

தரையில் எங்கே விழும்? எண்களோடு ஒருமுறை செய்து காட்டுங்கள்.

R = 1.5 மீ, g = 9.8 மீ/நொடி². மெல்லத் தட்டியதாகவே வைத்துக்கொள்வோம். விலகும்போது v² = 2gR/3 = 9.8, v = 3.13 மீ/நொடி. உயரம் 2R/3 = 1 மீ. மையத்திலிருந்து கிடைமட்டத் தொலைவு R sinθ = 1.5 × 0.745 = 1.118 மீ. தொடுகோடு கிடைமட்டத்துக்குக் கீழே θ கோணத்தில் சாய்ந்திருக்கிறது. ஆகவே கிடைமட்ட வேகம் 3.13 × 0.667 = 2.09, கீழ்நோக்கிய வேகம் 3.13 × 0.745 = 2.33 மீ/நொடி. துகள் கிடைமட்டமாகப் பறக்கிறது என்று எண்ணி இந்த 2.33-ஐ மறந்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

1 = 2.33t + 4.9t² என்பதைத் தீர்த்தால் t = 0.273 நொடி. அதற்குள் கிடைமட்டமாக 0.57 மீ போகும். மொத்தம் 1.69 மீ, அரைக்கோளத்தின் விளிம்பிலிருந்து 19 செ.மீ. தள்ளி விழுகிறது. சரிபார்க்க: தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் 2.33 + 9.8 × 0.273 = 5.00. வேகத்தின் வர்க்கம் 5.00² + 2.09² ≈ 29.4. உச்சியிலிருந்து நேரே விழுந்தாலும் 2gR = 29.4. பொருந்துகிறது.

கவிழ்த்த உருண்டைச் சட்டியில் கோலிக்குண்டை விட்டுப் பார்த்தேன். 48° வரவே இல்லை, 55° பக்கம் வந்தது. கணக்கு தவறா?

கணக்கு சறுக்கும் துகளுக்கு. உங்கள் கோலிக்குண்டு உருண்டது. உருளும்போது ஆற்றலில் ஒரு பகுதி சுழற்சிக்குப் போகிறது. அதே உயரம் இறங்கினாலும் வேகம் குறைவு. எனவே N மெதுவாகக் குறைகிறது, விலகல் தள்ளிப்போகிறது. திண்ம உருண்டை வழுக்காமல் கடைசி வரை உருண்டால் cosθ = 10/17, அதாவது 54°. ஆனால் கடைசி வரை அது வழுக்காமல் இருக்காது. உருட்டுவது உராய்வு, N சுழியை நெருங்கும்போது உராய்வும் கூடவே சுழியை நெருங்குகிறது. இறுதிக் கட்டத்தில் குண்டு கொஞ்சம் வழுக்கும், 54°-க்குச் சற்று முன்பே விலகும்.

பிறகு ஏன் 55° என்று கண்ணுக்குப் பட்டது? மேலே சொன்ன t³-தான் காரணம். நம் 1.5 மீட்டர் அரைக்கோளத்தில் விலகி 0.05 நொடி கழித்தும் இடைவெளி 1 மில்லிமீட்டர்தான். அதற்குள் துகள் இன்னும் 6° கடந்துவிடுகிறது. 15 செ.மீ. ஆரமுள்ள சட்டியில் அதே 6°-க்கு இடைவெளி 0.1 மில்லிமீட்டர். கைபேசிக் காணொளியில் அது தெரியாது. கண்ணால் பார்த்து விலகும் இடத்தைக் குறிப்பவர் எப்போதும் கோணத்தைக் கூட்டியே சொல்வார். துகள் தரையில் விழும் இடத்தை அளந்து பின்னோக்கிக் கணக்கிடுவது நம்பகமான வழி. உருளாத சிறு பனிக்கட்டித் துண்டை ஈரமான பரப்பில் விட்டால் 48°-க்கு இன்னும் அருகே வரலாம். மிச்சமிருக்கும் உராய்வு அப்போதும் கோணத்தைக் கூட்டவே செய்யும்.

அரைக்கோளமே வழவழப்பான தரையில் நகரக்கூடியதாக இருந்தால்?

இப்போது நிறை உள்ளே வந்துவிடும். அரைக்கோளத்தின் நிறை M. துகள் ஒருபக்கம் சறுக்க, அரைக்கோளம் மறுபக்கம் V வேகத்தில் பின்வாங்குகிறது. அரைக்கோளத்தைப் பொறுத்துத் துகளின் வேகம் w என்க. கிடைமட்ட விசை வெளியிலிருந்து எதுவும் இல்லாததால் கிடைமட்ட உந்தம் மாறாது: V = m w cosθ/(M + m). இதை ஆற்றல் சமன்பாட்டில் இட்டு, p = m/(M + m) என்று எழுதினால்:

w²(1 − p cos²θ) = 2gR(1 − cosθ)

இனி விலகும் நிபந்தனை. அரைக்கோளம் முடுக்கத்தோடு நகர்வதால் போலி விசையைச் சேர்க்க வேண்டுமே என்று பலர் இங்கே திணறுகிறார்கள். சறுக்கும்போது சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் விலகும் கணத்தில் N = 0; அரைக்கோளத்தைத் தள்ளுவதே N-இன் கிடைமட்டக் கூறு என்பதால் அந்தக் கணத்தில் அதன் முடுக்கமும் சுழி. போலி விசை தானாக மறைகிறது. w² = gR cosθ என்ற பழைய நிபந்தனையே போதும். இரண்டையும் சேர்த்தால்:

p cos³θ − 3cosθ + 2 = 0

M மிகப் பெரியது என்றால் p → 0, பழைய 2/3 திரும்பக் கிடைக்கிறது. M = m என்றால் p = 1/2; சமன்பாடு (cosθ − 2)(cos²θ + 2cosθ − 2) = 0 என்று பிரியும், cosθ = √3 − 1, θ ≈ 42.9°. பின்வாங்கும் பரப்பின் மீது துகளின் சார்பு வேகம் கூடுதலாக இருப்பதால் விலகல் முன்கூட்டியே நடக்கிறது. M மிக இலேசானது என்றால் p → 1, cosθ → 1: அரைக்கோளம் அடியிலிருந்து ஓடிவிட, துகள் கிட்டத்தட்ட நேராகக் கீழே விழுகிறது.